ஸ்லைடில் எத்தனை படம் வேண்டும்?

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு பிஸ்கட் விநியோகஸ்தர் சார்பில் புரொஜெக்டரில் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். விஷயம் ஒன்றுதான்: காலாவதி நெருங்கும் சரக்கை 15ஆம் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும், பிறகு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஸ்லைடில் இருந்ததோ ஐந்து வரி, பதினான்கு எமோஜி. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு ராக்கெட். விற்பனை பற்றிய வரியின் வாலில் தீச்சுடர். வியாபாரம் அமோகம் என்று இளைஞர்கள் புரிந்துகொண்டார்கள், மூத்த உறுப்பினர் ஒருவரோ, "குடோனில் தீ விபத்தா?" என்று பதறிப்போய்க் கேட்டார். தேதி இருந்த வரிக்கும் அதே ராக்கெட்தான். விளைவு, நம்மவர் இருவர் 18ஆம் தேதி மூட்டையோடு போய்த் திரும்பி வந்தார்கள்.

படமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் கடைப் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது சைவம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே குறி, ஒரே பொருள். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. பச்சையும் பழுப்பும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதனால்தான் 2020ஆம் ஆண்டு விதிகளில் அதைப் பழுப்பு முக்கோணமாக்கினார்கள். ஸ்லைடில் சிவப்பு வட்டம், பச்சை வட்டம் மட்டும் போட்டுவிட்டு விடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் 'உண்டு', 'இல்லை' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

அந்த ஸ்லைடையே நாம் திருத்திப் பார்த்தோம். ஐந்து வரியை மூன்றாக்கினோம்: எந்தச் சரக்கு, எங்கே தர வேண்டும், கடைசி நாள் எது. பதினான்கு படத்தையும் எடுத்துவிட்டு, கடைசி நாள் வரிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை முக்கோணம் வைத்தோம். தேதியைப் பெரிய எழுத்தில் போட்டோம். படத்தை விரலால் மறைத்துப் படித்தாலும் செய்தி முழுதாக நிற்கிறது. படம் இருந்தால் கண் நேரே தேதிக்குப் போகிறது. படம் இல்லாவிட்டால் ஸ்லைடை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இளைஞர்கள் வாதாடினார்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கு ராக்கெட் வெறும் கறையாகத் தெரிகிறது என்பதை அவர்கள் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எமோஜி என்பது எழுத்து வகையைச் சேர்ந்தது. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அதன் உருவம் மாறும். பழைய கம்ப்யூட்டரில் புதிய எமோஜி வெறும் கட்டமாக நிற்கும். புதிய பவர்பாயிண்டில் Insert பகுதியில் Icons என்று இருக்கிறது. அதிலிருந்து எடுத்த படம் எங்கே போட்டாலும் அநேகமாக அப்படியே வரும். எழுத்தின் நிறத்தையே அதற்கும் கொடுக்கலாம்.

சங்கக் கட்டடத்தில் இருப்பது பழைய கம்ப்யூட்டர்தான். அடுத்த கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிக்கும் தம்பிமார் முதல்நாள் மாலையே வந்து அதில் ஒருமுறை போட்டு, கடைசி நாற்காலியிலிருந்து படித்துப் பார்த்துவிட வேண்டும்.