பம்பு பைப்பு ஆனது! வாலிபர் பிழைப்பு போச்சு!

வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுகிறவர்களே, ஒரு நிமிடம்!

நம்ம தெரு வாலிபர் ஒருவர். ஐ.டி.ஐ.யில் 2 வருடம் பிட்டர் படித்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் 6 வருடம் வேலை பார்த்தவர். பேரிங் ஏற்றுவார். இம்பெல்லர் மாட்டுவார். மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார். கை சுத்தமான வேலைக்காரர்.

வளைகுடா நாட்டுக்குப் போக ஆசைப்பட்டார். தன் வேலை விவரத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதினார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். செல்போனில் போட்டோ எடுத்துத் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார். "இங்கிலீசுல அடிச்சுக் குடுங்கண்ணே" என்றார். மறுநாள் அழகான பயோடேட்டா வந்தது. கையெழுத்துப் போட்டார். ஏஜெண்டிடம் கொடுத்தார். உடனே திறன் தேர்வுக்கு அழைப்பும் வந்தது.

போனவர் திகைத்துப் போனார்!

நாலு அங்குலக் குழாய் ஒன்றை முன்னால் வைத்தார்கள். கையில் ஒரு வரைபடம். இரண்டு முனையிலும் எல்போ. மையத்துக்கு மையம் 1,000 மில்லிமீட்டர் வரவேண்டும். "குழாயை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவே?" என்று கேட்டார்கள்.

பைப் பிட்டருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சாதாரணமாகப் போடுகிற நீள வளைவு எல்போவுக்கு, மையத்தில் இருந்து முனை வரை குழாய் அளவைப் போல ஒன்றரை மடங்கு. நாலு அங்குலத்துக்கு 6 அங்குலம். அதாவது 152 மில்லிமீட்டர். இரண்டு எல்போவுக்கும் சேர்த்து 304 போக மிச்சம் 696. வெல்டிங் இடைவெளி பக்கத்துக்கு 3 வீதம் 6 கழித்தால் 690. இவ்வளவுதான் கணக்கு.

நம் வாலிபர் நேராக ஆயிரத்தில் கோடு போட்டார். தேர்வாளர் தாளை மூடிவிட்டார்.

"சார், நான் பைப் பிட்டர் இல்லே, பம்பு பிட்டர்" என்றார் வாலிபர்.

"உன் பயோடேட்டாவுல பைப் பிட்டர்னுதானே இருக்கு? கீழே கையெழுத்து உன்னுதுதானே?" என்று கேட்டார் அவர். வாலிபர் வாயடைத்துப் போனார்.

மடிப்பு செய்த மாயம்

நடந்தது என்ன? அந்தப் போட்டோவை நான் வாங்கிப் பார்த்தேன். "பம்பு பிட்டிங், அசெம்பிளி பிரிவு" என்று எழுதிய வரி சரியாக மடிப்பின் மேல் விழுந்து இருக்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் மடிப்பு நிழல் அடித்துவிட்டது. போட்டோவில் தெரிவது "ப", பிறகு ஒரு கறுப்புக் கோடு, பிறகு "பு பிட்டிங்". அவ்வளவுதான்! அசெம்பிளி என்ற சொல் நிழலில் அடியோடு மறைந்துவிட்டது.

கடைக்காரரைக் கேட்டேன். "பிட்டர்னு இருந்துச்சு. வெளிநாட்டுக்குப் போறவங்க பாதிப் பேரு பைப் பிட்டர்தானே சார்? அதனால போட்டேன்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் தெரியாத எழுத்தைத் தானே இட்டு நிரப்பினார். ஒரு போன் போட்டுக் கேட்டு இருந்தால் முடிந்து இருக்கும்.

போட்டோவுக்குப் பதில் தாளையே கொடுத்து இருக்கலாம். முடியாவிட்டால், பகல் வெளிச்சத்தில் தாளைத் தரையில் விரித்து, நாலு மூலையும் தெரிய நேர் மேலே இருந்து எடுக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் எழுத்து கெடாது.

பெயரை மாற்றலாமா?

"அப்படியானால் நாம் எழுதின பெயரை அப்படியே இங்கிலீசில் போட்டுவிடலாமே?" என்று கேட்பீர்கள். அதுவும் ஆபத்து.

இங்கே "சென்ட்ரிங் வேலை" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வளைகுடா கம்பெனிக்காரர் அதே வேலைக்கு "ஷட்டரிங் கார்பென்டர்" என்றுதான் ஆள் தேடுகிறார். கம்பி கட்டுகிறவரை அங்கே "ஸ்டீல் பிக்சர்" என்கிறார்கள். இங்கே உள்ள பெயரை அப்படியே போட்டால் மனு குப்பைக்கூடைக்குப் போகும். இந்த இடத்தில் பெயரை மாற்றத்தான் வேண்டும். வேலை ஒன்று, பெயர்தான் வேறு.

மேஸ்திரி விஷயம் அப்படி அல்ல. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு தானும் கரண்டி பிடிக்கிறவர் "சார்ஜ் ஹேண்ட்". வரைபடம் பார்த்துப் பல கோஷ்டிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவர் "போர்மேன்". இரண்டு பேருக்கும் நம் ஊரில் மேஸ்திரி என்றே பெயர். "சூப்பர்வைசர்னு போட்டா சம்பளம் கூட வரும்ணே" என்று ஏற்றிப் போட்டால், தேர்வில் வரைபடத்தை நீட்டும்போது குட்டு உடையும்.

ஆகவே பெயரைப் பார்த்துப் பெயர் போடக்கூடாது. வேலையைக் கேட்டுப் பெயர் போடவேண்டும். என்ன செய்தாய்? எந்தக் கருவி பிடித்தாய்? உனக்குக் கீழே எத்தனை பேர்? வரைபடம் பார்த்தாயா, அடுத்தவர் சொன்னதைச் செய்தாயா? இந்த நாலு கேள்விக்குப் பதில் வந்த பிறகு கடைக்காரர் கீபோர்டில் கை வைக்கட்டும்.

இன்னும் ஒன்று. சான்றிதழில் உள்ள பெயரைத் தொடவே கூடாது. ஐ.டி.ஐ. சான்றிதழில் "பிட்டர்" என்று இருந்தால் படிப்பு என்ற இடத்தில் "பிட்டர்"தான். பார்த்த வேலை என்ற இடத்தில்தான் அங்கே புழங்குகிற பெயர் வரவேண்டும். அதை ஒட்டி, செய்த வேலை இரண்டு வரியில் இருக்கவேண்டும்.

நாங்கள் செய்தது

வாலிபரின் தாளை மறுபடி எழுதினோம். வேலை: "மெக்கானிக்கல் பிட்டர், பம்பு அசெம்பிளி". கீழே பேரிங், இம்பெல்லர், கப்ளிங் சரிபார்ப்பு, டயல் கேஜ். சேர்ந்த மாதம், விலகிய மாதம் இரண்டும் கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றில் உள்ளபடி. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி. பிறகு கடைக்காரரையே அச்சடிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொன்னோம். வாலிபர் "ஆமாம்" என்று தலையாட்டிய பிறகுதான் அச்சு.

முதல் தடவை அவருக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு. அந்த ஏஜெண்டு புத்தகத்தில் "பெயில்" என்று பெயரும் ஏறிவிட்டது. இப்போது வேறு ஏஜெண்டிடம் மனுப் போட்டுவிட்டுக் காத்து இருக்கிறார்.

ஒரு விதத்தில் அவர் தப்பித்தார் என்றே சொல்வேன். தேர்வு வைக்காமல் ஏற்றி அனுப்பி இருந்தால்? விசாவிலும் பைப் பிட்டர் என்றே ஏறி இருக்கும். கடன் வாங்கிக் கடல் கடந்து போய், தெரியாத வேலைக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்று இருப்பார்.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சிகளே! எழுத்து தெரியவில்லையா? "தம்பி, இது என்னப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கையெழுத்துப் போடுகிற தம்பிகளே! தமிழில் படித்துக் காட்டாத தாளில் பேனாவை வைக்காதீர்கள்!