கல்லால் நிறுத்திய கரை ‘நிலையான’ கரையா?

தமிழகக் கடற்கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்கிறது சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீடு. 1990 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களைக் கள அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு இது. அதே மதிப்பீட்டின்படி, இந்தியக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிக்கப்படுகிறது, 26.9 விழுக்காட்டில் மணல் சேர்கிறது. மீதி நிலையாக இருக்கிறது. எங்கே கல் கொட்டுவது, எங்கே தூண்டில் வளைவு கட்டுவது என்ற முடிவுகளில் இப்படிப்பட்ட கணக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் ‘நிலையானது’ என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்குகின்றன என்பதை நாம் விளங்கிக்கொண்டாக வேண்டும்.

அளக்கும் முறை எளிமையானது. பழைய படத்திலும் புதிய படத்திலும் நிலமும் நீரும் சந்திக்கும் விளிம்பைக் கணினியில் கோடாக வரைகிறார்கள். அருகு அகச்சிவப்புக் கதிரை நீர் உறிஞ்சிவிடுவதால், அந்த அலைவரிசையில் கடல் கறுப்பாகவும் மணல் வெளிறியும் தெரியும். விளிம்பைப் பிடிக்க இது உதவுகிறது. பிறகு கரைக்கு இணையாக ஓர் அடிக்கோடு போட்டு, அதிலிருந்து 50 அல்லது 100 மீட்டருக்கு ஒன்றாகக் கடலை நோக்கிக் குறுக்குக்கோடுகள் இழுக்கிறார்கள். ஒவ்வொரு குறுக்குக்கோட்டிலும் கரை எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று பார்த்து ஆண்டுகளால் வகுத்தால், ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்ற வேகம் கிடைக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் DSAS என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. பல ஆண்டுப் படங்கள் இருந்தால், எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் நேர்கோட்டின் சரிவையே வேகமாகக் கொள்கிறார்கள்.

சிக்கல் அந்த விளிம்பிலேயே தொடங்குகிறது. படம் எடுத்த நொடியில் தண்ணீர் எங்கே நின்றதோ அதுதான் படத்தில் பதிவாகிறது. இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மணற்கரையில் ஓதம் ஒரு மீட்டர் ஏறினால், நீர் விளிம்பு 20 மீட்டர் உள்ளே வந்துவிடும். சென்னைக் கடலில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏறி இறங்கும். ஒரு படம் ஏற்றத்திலும் மற்றொன்று வற்றத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், ஒரு பிடி மணல்கூடப் போகாமலே கரை 20 மீட்டர் நகர்ந்ததாகக் கணக்கு வரும். பருவமும் இப்படித்தான். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மெலிந்த கரையைக் கோடைக்காலக் கரையோடு ஒப்பிடக் கூடாது.

இந்தப் பிழைகளைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். 1990-ஆம் ஆண்டு லேண்ட்சாட் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டர். படத்தை வரைபடத்தோடு பொருத்துவதில் 15 மீட்டரும் ஓதத்தால் 20 மீட்டரும் பிழை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 39 மீட்டர். 2020-ஆம் ஆண்டு சென்டினல்-2 படத்தின் புள்ளி 10 மீட்டர்தான். அதற்கு மொத்தப் பிழை 25 மீட்டர் என்று கொண்டால், இரண்டையும் இதே முறையில் சேர்க்கும்போது ஏறக்குறைய 46 மீட்டர் வரும். முப்பது ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர். அதாவது, இந்த இரு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆண்டுக்கு ஒரு மீட்டர் அரிப்பு’ என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்தே ஆண்டு இடைவெளியில் இதே தரமுள்ள படங்களை ஒப்பிட்டால் பிழை ஆண்டுக்கு 9 மீட்டருக்கு மேல் போய்விடும். இடையில் பல படங்களைச் சேர்த்தும், ஓதத்துக்கும் கரைச்சரிவுக்கும் ஏற்பத் திருத்தியும் இந்தப் பிழையைக் குறைக்கலாம். எவ்வளவு குறைத்தோம் என்பதையும் வேகத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிழையைக் குறைத்த பிறகும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் புதுச்சேரியில் பார்க்கலாம். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் குறுக்கே வந்ததும் தென்புறம் மணல் சேர்ந்தது. வடபுறம் நகரத்தின் முன்னே இருந்த மணற்கரை மறைந்தது. கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்க, அங்கேயும் கொட்டினார்கள். இப்படியே அரிப்பு வடக்கே நகர்ந்து, தமிழக எல்லைக்குள் இருக்கும் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களை எட்டியது.

இந்தக் கரையை 1990-இலிருந்து அளந்தால் என்ன தெரியும்? கல் போட்ட இடத்தில் நீரின் விளிம்பு கல்லிலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு எத்தனை படங்களை ஒப்பிட்டாலும் கோடு அசையாது; மென்பொருள் அதை நிலையான கரை என்றே காட்டும். வலை காயப்போடவும் கட்டுமரத்தை இழுத்து ஏற்றவும் இடமில்லாமல் போன கரையும், மணல் தானாகவே சமநிலையில் நிற்கும் கரையும் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன. 2018-இல் நகரின் முன்னே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அங்கே மணல் திரும்பி வந்தது. அதற்குப் பிந்தைய படத்தைக் கடைசிப் புள்ளியாக வைத்தால், கரை வளர்ந்ததாகக்கூட விடை வரும். போதாததற்கு, 1990 என்ற தொடக்கமே துறைமுகச் சுவர்களுக்குப் பிந்தையது. சுவருக்கு முந்தைய கரை எப்படி இருந்தது என்பது அந்த ஒப்பீட்டில் இல்லவே இல்லை.

சராசரியும் இப்படி மறைக்கும். கல் முடியும் இடத்துக்கு அப்பால் ஒரு குறுக்குக்கோட்டை எடுத்துக்கொள்வோம். முதல் இருபது ஆண்டுகள் கரை அசையவில்லை; கடைசிப் பத்து ஆண்டுகளில் 40 மீட்டர் போய்விட்டது. முப்பது ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 1.3 மீட்டர்தான். ஆனால் அந்த ஊர் இன்று ஆண்டுக்கு 4 மீட்டரை இழந்துகொண்டிருக்கிறது. கட்டுமானம் வந்த ஆண்டில் காலத்தை இரண்டாகப் பிரித்து, முன்னும் பின்னும் தனித்தனியே வேகத்தைக் கணக்கிட்டால்தான் இது வெளியே தெரியும்.

முந்தைய கரைக்குப் படம் இல்லை என்பது சரியான பதில் அல்ல. லேண்ட்சாட் 1972-இலேயே பறக்கத் தொடங்கிவிட்டது. 1960-களின் கரோனா உளவுப் படங்கள் 1995-இல் பொதுவெளிக்கு வந்தன. இந்திய நில அளவைத் துறையின் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் வரைபடங்களும் இருக்கின்றன. அவற்றில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 32 மீட்டரை மறைக்கும் என்பது உண்மைதான். சிறு நகர்வை அளக்க அவை உதவாது. ஆனால் அகன்ற மணற்கரை ஒன்று இருந்ததா இல்லையா என்பதற்கு அவை போதுமான சாட்சி.

எனவே கடலோர மாநில அரசுகளும் ஆய்வு நிறுவனங்களும் மூன்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு கரை வரைபடத்தோடும் படம் எடுத்த நாள், நேரம், ஓத அளவு, பிழை எல்லை ஆகியவற்றை வெளியிட வேண்டும். கல்லால் தடுக்கப்பட்ட கரையை ‘நிலையானது’ என்பதிலிருந்து பிரித்துத் தனி வகையாகக் காட்ட வேண்டும். துறைமுகம், தூண்டில் வளைவு எதுவானாலும் கட்டுமானத்துக்கு முந்தைய கரையிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஊரின் கரையில் ஒரு கல்லைக்கூட இறக்க அனுமதிக்கக் கூடாது.