இருள் வினை இரவிலா நடக்கிறது?

போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போயிருந்தோம். நடக்கத் தொடங்கும் முன் கோயிலுக்குள் போய், ஸ்தல விருட்சமான மகிழ மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். ப்ளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சித்தி, இப்போ இந்த மரத்துல இருள் வினை நடந்துட்டிருக்கும்ல?” என்றாள். பரீட்சையிலும் அப்படித்தான் எழுதி மார்க்கை விட்டிருக்கிறாள். தப்பு அவள் மேல் இல்லை. அந்தப் பெயர் மேல்!

இலையின் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகத்துக்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. இட்லித் தட்டுகளை அடுக்கினாற்போல இருக்கும் சவ்வுப் பைகள் தைலகாய்டுகள். அவற்றைச் சுற்றியிருக்கும் திரவம் ஸ்ட்ரோமா.

ஒளி வினை நடப்பது தைலகாய்டு சவ்வில். வெயிலின் ஆற்றலால் அங்கே தண்ணீர் பிளக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் வெளியே வருகிறது. கூடவே ஏடிபி, என்ஏடிபிஹெச் என்ற இரண்டு ஆற்றல் பொருட்கள் உருவாகி ஸ்ட்ரோமாவுக்குப் போகின்றன. அங்கே நடப்பதுதான் கால்வின் சுழற்சி. ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கொடுக்க, அது சர்க்கரையாகிறது. ஒரு மூலக்கூறைச் சேர்க்க 3 ஏடிபி, 2 என்ஏடிபிஹெச் செலவாகும்.

இந்தச் சுழற்சிக்கு நேரடியாக ஒளி தேவையில்லை என்பதால் ‘இருள் வினை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் வெயில் நின்றால் அந்த இரண்டு பொருட்களின் வரத்தும் நின்றுவிடும். இருப்பு சீக்கிரமே தீர்ந்து, சுழற்சியும் நின்றுபோகும். அதன் சில நொதிகள் விழித்துக்கொள்வதற்கே வெளிச்சம் வேண்டும். பௌர்ணமி நிலவு போதாதா என்கிறீர்களா? அது வெயிலில் ஏறக்குறைய 4 லட்சத்தில் ஒரு பங்குதான். ஆக, அன்று இரவு மகிழ மரம் இரண்டு வேலையையுமே செய்யவில்லை. நம்மைப் போல மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது.

“அப்போ இரவில் கார்பன் டை ஆக்சைடு எடுக்கும் செடியே கிடையாதா?” என்றாள். உண்டு. தொட்டியில் வளர்க்கிறோமே, ரணகள்ளி, அதுவும் அப்படித்தான். தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன் அதன் இலையைக் கடித்துப் பார்த்து எழுதிய குறிப்பு 1815-ல் வெளியானது. காலையில் நல்ல புளிப்பு, மதியம் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு!

காரணம் பின்னால்தான் தெரிந்தது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் தண்ணீர் வீணாகும் என்று ரணகள்ளி அவற்றை இரவில் திறக்கிறது. உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. காலைப் புளிப்பு அதுதான். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து அதைத் திரும்ப எடுத்துக் கால்வின் சுழற்சிக்குக் கொடுக்கிறது. இரவில் நடப்பது சேமிப்பு மட்டும்; சர்க்கரை செய்வது பகலில்தான்.

அடுத்த பரீட்சையில் ‘இருள் வினை’ என்று கேட்டால், ‘ஸ்ட்ரோமாவில், பகலில்’ என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.