வசவும் வாத்ஸல்யமும்

மாலைதோறும் உலாவச் செல்லும் வயோதிகத் தம்பதிகள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைச் சிறுகதையாக எழுதப் புகுகின்ற எழுத்தாளரும், அதை வாசிக்கின்ற ரசிகரும், கடைசிப் பக்கத்தில் ஒரு மாரடைப்போ ஆஸ்பத்திரிக் கட்டிலோ வந்து, அதுவரை ஒளிந்திருந்த அன்பைக் கண்ணீரோடு வெளிப்படுத்தினாலன்றிக் கதை பூர்த்தியாகாது என்று உறுதியாக நம்புகின்றனர். இந்நம்பிக்கையை நான் முற்றிலும் மறுக்கிறேன். அன்பு ஒளிந்திருக்கவில்லை, ஏச்சிலேயே அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

மயிலாப்பூர் மாடவீதியில் நடக்கும் ஒரு ஜோடியைக் கற்பனை செய்வோம். "நீ வந்து சேர்றதுக்குள்ள தேரே நிலைக்கு வந்துடும்" என்கிறார் கிழவர். "தேரை இழுக்க ஆயிரம் பேர் வேணும், உங்களை நான் ஒருத்தியே இழுத்துண்டு வரேன்" என்கிறாள் கிழவி. அவர் எறிந்த தேரையே அவள் அவர்மீது திருப்பிவிட்டாள். ஒரு சொல்லையும் தவறவிடாமல் செவிகொடுத்தவளுக்கே அது கைகூடும். மறுநாள் பழைய ஏச்சையே கொண்டுவந்தால் தோற்றுப்போவார் என்பதால், கிழவர் பகலெல்லாம், பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டேனும், அவளைப் பற்றியே சிந்தித்தாக வேண்டும். இதைவிடப் பெரிய சிரத்தை எந்தக் கட்டிலருகே வெளிப்படப்போகிறது?

அந்தக் கிழவர் உத்தியோகம் இழந்தவர் என்றும் கற்பனை செய்வோம். அந்த வரலாறு அவளுக்குத் தெரியும். இத்தனை வசவிலும் அதை மட்டும் அவள் தொடுவதில்லை. பழைய காரியாலய வாசலைக் கடக்கையில் கத்தரிக்காய் விலைக்காக அவரை ஏசத் தொடங்குகிறாள் என்று ஒரே வாக்கியம் எழுதத் தெரிந்தவருக்கு மாரடைப்பின் துணை வேண்டியதில்லை.

ஊடல் இளமைக்கு மட்டுமே உரியது என்போர், திருவள்ளுவர் தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களையும் அதற்கே ஒதுக்கியதை எண்ணிப்பார்க்கட்டும். பிணக்கின் நுட்பங்களையும் உவகையையும் சொன்னவர், எந்த விபத்தையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அன்பு உண்மையிலேயே முறிகின்றபோது நேர்வது வேறு. ஜெயகாந்தனின் 'பிணக்கு' கதையில், தம் பழைய சபலம் ஒன்றைக் கிழவர் விளையாட்டாகச் சொல்லிவிட, அவர் மனைவி ஏசிக்கொண்டே இருப்பதில்லை, பேச்சையே நிறுத்திவிடுகிறாள். அந்த மௌனத்தின் பயங்கரம் ஆயிரம் வசவுகளுக்கு இல்லை.

ஆயினும் எல்லா வசவையும் நான் ஆதரிப்பதாகக் கொள்ள வேண்டாம். இருவரும் ஆடினால்தான் அது ஆட்டம். கணவன் மட்டுமே ஏசி, மனைவி தலைகுனிந்து பின்னால் நடக்கின்ற கதையில் நிகழ்வது கொடுமையேயன்றி வேறில்லை. நம் பத்திரிகைக் கதைகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஒரே கண்ணீரில் கழுவிவிடுகின்றன. அத்தகைய கணவனைக் கட்டிலருகே விம்மவைத்து உத்தமனாக்குகின்ற எழுத்தாளர், அத்தனை ஆண்டுகள் அவள் பதில் பேசாமல் நடந்ததற்குக் காரணம் சொல்லாமலே கதையை முடித்துவிடுகிறார்.