ரெஸ்யூமேயில் 'ஐ' இல்லைன்னா தப்பா? நீலக் கோட்டை அப்படியே நம்பாதீங்க!

கோவையில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு வருஷம் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்டாக இருந்துவிட்டு, போன மாதம் வேலையை விட்ட பி.காம் பட்டதாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வேலைக்கு ஆங்கிலத்தில் ரெஸ்யூமே டைப் செய்கிறார். 'ப்ரிப்பேர்டு மன்த்லி ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ்' என்பது முதல் புல்லட் வரி. உடனே கம்ப்யூட்டர் அதன் அடியில் நீலக் கோடு போட்டு, இது முழு வாக்கியம் இல்லை, 'ஃபிராக்மென்ட்' என்கிறது. பயந்துபோய் முன்னால் ஓர் 'ஐ' சேர்க்கிறார். கீழே இருக்கும் வரிகளுக்கும் அதே வைத்தியம்.

அந்த முதல் வரியில் தப்பே இல்லை என்பதுதான் கொடுமை. உண்மையான தப்பெல்லாம் கீழே இருக்கும் வரிகளில் இருக்கிறது. 'ஐ' சேர்த்த திருப்தியில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

நமக்கு இந்தப் பயம் வருவதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'தயாரித்தேன்' என்றாலே போதும், அந்த 'ஏன்' விகுதி 'நான்' என்பதைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'ப்ரிப்பேர்டு' என்றால் நானா, அவரா, அவர்களா என்று தெரியாது. அதனால் சாதாரண வாக்கியத்தில் எழுவாயை விட முடியாது. ஆனால், ரெஸ்யூமேயில் மேலேயே பெயர் இருக்கிறது. கீழே உள்ள எல்லா வரியும் அந்த ஒருவரைப் பற்றியதுதான். அதனால் 'ஐ'யை விட்டுவிட்டு வினைச்சொல்லில் தொடங்குவது அங்கே ஏற்கப்பட்ட வழக்கம். நீலக் கோட்டுக்கு இந்த இடம், பொருள் எல்லாம் தெரியாது. வாக்கியத்தை மட்டும்தான் பார்க்கும்.

அப்படியென்றால் வரி சரியா, தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மனசுக்குள் 'ஐ' சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும். முழு வாக்கியமாக நின்றால், 'ஐ'யை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.

நம்ம பி.காம் பட்டதாரியின் இரண்டாவது வரி: 'டன் பேங்க் ரீகன்சிலியேஷன் எவ்ரி வீக்'. 'ஐ' சேர்த்தால் 'ஐ டன்' என்று வருகிறது. இடிக்குதில்ல? 'டன்' தனியாக நிற்காது, முன்னால் 'ஹேவ்' வேண்டும். 'டிட்' என்று மாற்றலாம். அதைவிட 'ரீகன்சைல்டு பேங்க் ஸ்டேட்மென்ட்ஸ் எவ்ரி வீக்' என்றால் செய்த வேலையே வினைச்சொல்லாகிவிடும்.

மூன்றாவது, 'ஹேண்டில்ஸ் வென்டர் பேமென்ட்ஸ்'. 'ஐ ஹேண்டில்ஸ்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் இருக்கும் அந்த 'எஸ்' அவனுக்கும் அவளுக்கும் உரியது. நிறுவனம் கொடுத்த வேலை விவரத்தை காப்பி, பேஸ்ட் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். வேலையை விட்டாச்சு என்பதால் 'ஹேண்டில்டு' என்பதே சரி.

'ரெஸ்பான்ஸிபிள் ஃபார் பெட்டி கேஷ்' கொஞ்சம் சிக்கலான வரி. இதற்கு 'ஐ' மட்டும் போதாது, 'ஐ வாஸ்' என்று சேர்த்தால்தான் நிற்கும். இதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது, நிறைய பேர் எழுதுகிறார்கள். ஆனால் மற்ற எல்லா வரியும் வினைச்சொல்லில் தொடங்கும்போது இது மட்டும் வரிசையில் துருத்திக்கொண்டு நிற்கும். தவிர, பொறுப்பு இருந்தது என்று சொல்கிறதே தவிர, என்ன செய்தார் என்று சொல்லவில்லை. 'மேனேஜ்டு பெட்டி கேஷ்' என்றால் இரண்டு பிரச்னையும் தீர்ந்தது.

கடைசி வரிதான் ஆபத்தானது. 'லீட் எ டீம் ஆஃப் 2 ட்ரெயினீஸ்'. 'ஐ' சேர்த்தாலும் அழகாக நிற்கிறது. நீலக் கோடும் பெரும்பாலும் வராது. ஆனால் இது நிகழ்காலம், அவர் வேலையை விட்டு ஒரு மாதம் ஆச்சு. இறந்தகாலம் 'லெட்', ஸ்பெல்லிங் எல்-இ-டி. எல்-இ-ஏ-டி என்று எழுதி 'லெட்' என்று படித்தால் அது ஈயம் என்கிற உலோகம்! இரண்டுமே அகராதியில் இருக்கும் சொற்கள் என்பதால் ஸ்பெல் செக்கர் பேசாமல் இருந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரியிலும் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த வேலை முடிஞ்சிடுச்சா, இன்னும் நடக்குதா? இன்னும் அதே வேலையில் இருப்பவர், தினமும் செய்வதை 'எஸ்' இல்லாத நிகழ்காலத்தில் எழுதலாம். முடித்துக் கொடுத்ததை இறந்தகாலத்திலேயே எழுத வேண்டும்.

இந்தச் சலுகையெல்லாம் புல்லட் வரிகளுக்கு மட்டும்தான். கவர் லெட்டரிலும், ரெஸ்யூமேயை இணைத்து அனுப்பும் மெயிலிலும் செல்லாது. அங்கே 'ஆம் ரைட்டிங் டு அப்ளை' என்று தொடங்கினால் நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் மாதிரி இருக்கும். ரெஸ்யூமேயில் நீக்கிய 'ஐ'யை அங்கே தாராளமாகப் போடலாம்.