பனிமூட்டமும் நேர்காணல் பயணமும்



குடிமைப்பணி நேர்காணல்கள் 2024, 2025 இரு ஆண்டுகளிலும் ஜனவரித் தொடக்கத்திலேயே தில்லியில் ஆரம்பித்துவிட்டன. அங்கே பனிமூட்டம் உச்சத்தில் இருக்கும் காலம் அது. நள்ளிரவுக்குப் பின் அடர்ந்து, பெரும்பாலும் முற்பகலில்தான் விலகும். எனவே முந்தைய நாள் இரவு விமானம் வேண்டவே வேண்டாம். திங்கள் காலை நேர்காணல் என்றால், சனிக்கிழமை பிற்பகலில் இறங்கும் விமானமே சரி. அது ரத்தானாலும் ஞாயிறு முழுவதும் கையில் இருக்கும்.

மதுரையிலிருந்து சென்னை வழியாகப் போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியே வாங்கக் கூடாது. முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதில் 'வரவில்லை' என்று எழுதிக்கொள்வார்கள், கட்டணம் போச்சு. ஒரே பி.என்.ஆரில் வாங்கினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு.

தேதி தெரியுமுன் மலிவாகப் பதிவு செய்பவர்கள், ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். 'தேதி மாற்றம் இலவசம்' என்பதில் ஏமாறக் கூடாது. அன்றைய விலை வித்தியாசத்தைக் கட்டியே ஆக வேண்டும். பணம் திரும்பாத டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கேட்டு வாங்கலாம். பலர் கேட்பதே இல்லை.

தேர்வாணையமோ இரண்டாம் வகுப்பு ரயில் கட்டண அளவுக்குத்தான் பயணப்படி தருகிறது. முதல் வாரங்களில் அழைக்கப்படுவோருக்காவது அதை உயர்த்தலாமே?

– ஒரு வாசகர், மதுரை