போட்டோவில் தெரிவது ராட்வீலரா?

தென்காசியிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். சென்ற சாரல் சீசனில் குற்றாலம் ஐந்தருவிச் சாலையில், கடை ஓரம் நனைந்து நடுங்கிக் கொண்டிருந்த குட்டி நாய் ஒன்றை அவருடைய மகன் வீட்டிற்கு எடுத்து வந்திருக்கிறான். கருப்பு உடம்பு; கால்களிலும் கன்னத்திலும் பழுப்பு; இரண்டு கண்களுக்கும் மேலே பொட்டு வைத்தது போல இரண்டு பழுப்புப் புள்ளிகள். பையன் அதை மொபைலில் படம் எடுத்து, நாய் இனம் கண்டுபிடித்துத் தரும் இணைய தளம் ஒன்றில் ஏற்றியிருக்கிறான். "ராட்வீலர் 64 சதவீதம், டாபர்மேன் 23 சதவீதம்" என்று பதில் வந்தது. பையன் அதைப் பெருமையாக மாடி வீட்டுக்காரரிடம் காட்ட, அதிலிருந்துதான் தலைவலி.

"ராட்வீலர் கலப்புன்னா வீட்டில வைக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரரு ஒத்தக்கால்ல நிக்காரு சார். சொன்னா கேக்க மாட்டேங்காரு. கம்ப்யூட்டரே சொல்லுதுன்னு சொல்லுதாரு" என்றார் நண்பர்.

வீட்டுக்காரரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, ராட்வீலர் உட்பட 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடை செய்யும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. ரத்தான செய்தியை விட, தடை என்ற செய்திதான் எல்லார் மனதிலும் தங்கியிருக்கிறது. அந்தக் கடிதத்தில் "கலப்பு" என்ற சொல் இருந்ததைக் கவனியுங்கள். ஒரு நாய் எந்த இனத்தின் கலப்பு என்பதை யார், எதைப் பார்த்துச் சொல்வது? போட்டோவைப் பார்த்து என்றால், அந்தப் பதிலை வைத்து ஒரு நாயை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் நிறம். கருப்பில் பழுப்புப் புள்ளி என்றவுடன் நமக்கு டாபர்மேனும் ராட்வீலரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த நிறம் அவற்றின் சொத்து அல்ல. நம் தென் மாவட்டங்களின் வேட்டை நாயான கன்னிக்கு அடையாளமே இந்தக் கருப்பு-பழுப்புதான். டாபர்மேன் என்ற இனம் ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் உருவாக்கப்பட்டது. இந்த நிறத்தைத் தரும் மரபணுவின் பெயர் அகூட்டி. அதன் வகைகள் இன்றைய இனங்கள் எல்லாவற்றையும் விட மிகப் பழமையானவை என்று 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

அகூட்டியில் இன்னொரு வேடிக்கை உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு நாயிடமும் இதன் இரண்டு பிரதிகள் இருக்கும். செம்பழுப்பு நிறத்தைத் தரும் வகை ஒரு பிரதி இருந்தாலே போதும், அது வெளியே தெரிந்து விடும். கருப்பு-பழுப்பைத் தரும் வகையோ அதற்கு அடங்கி உள்ளே ஒளிந்திருக்கும். தாய், தந்தை இரண்டுமே செம்பழுப்புத் தெரு நாய்களாக இருந்து, இரண்டுமே கருப்பு-பழுப்பில் ஒரு பிரதியை ஒளித்து வைத்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் கருப்பு-பழுப்பாக வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எந்த ராட்வீலரும் ஐந்தருவிப் பக்கம் வர வேண்டிய அவசியம் இல்லை.

முடியின் நீளமும் இப்படித்தான் ஏமாற்றும். நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்க்கப்படும் புசுபுசு நாய்க்கும் தெரு நாய்க்கும் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் குட்டை முடியுடன்தான் இருக்கும். ஏனென்றால் குட்டை முடிதான் மேலோங்கி நிற்கும் வகை. பாதிக்குப் பாதி பொமரேனியனாக இருந்தாலும் அந்தக் குட்டியை யாரும் அப்படி அழைக்கப் போவதில்லை. நாய்களின் முடி நீளம், சுருள், மீசை போன்ற வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். நாய்க்கு ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். அவற்றில் மூன்றைப் பார்த்து மீதியைச் சொல்வது, வீட்டுக் கதவின் பெயின்டைப் பார்த்து உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்வது போலத்தான்.

அடுத்தது முகம். இங்கே குற்றவாளி மரபணு அல்ல, நம் கையில் உள்ள மொபைல் கேமரா. பையன் எடுத்த படத்தை மெயிலில் வாங்கிப் பார்த்தேன். குட்டியின் மூக்கிற்கு நேராக, ஒரு சாண் தள்ளி வைத்து எடுத்திருந்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமராவிலிருந்து மூக்கு 20 செ.மீ. தூரம், கண்கள் அதற்குப் பின்னால் 6 செ.மீ., அதாவது 26 செ.மீ. தூரம். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், கண்களோடு ஒப்பிட மூக்கு 26ஐ 20ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 30 சதவீதம் பெருத்துத் தெரியும். இதே குட்டியை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் வித்தியாசம் வெறும் 3 சதவீதம். ஆக, அந்த அகன்ற "ராட்வீலர் மூஞ்சி"யில் ஒரு பங்கு லென்ஸ் செய்த வேலை. போதாக்குறைக்கு, இரண்டு மாதக் குட்டிகள் பல இனங்களில் முகம் உருண்டையாகவும் காது தொங்கியும்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் புரோகிராம்களுக்குப் படங்களைக் காட்டித்தான் இனங்களைக் கற்றுத் தருகிறார்கள். அந்தப் படங்களில் இல்லாத இனத்தை அவற்றால் ஒருநாளும் சொல்ல முடியாது. இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்தும் ஒரு தொகுப்பு, 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. 120 வகைகள், 20,580 படங்கள். அதில் ராட்வீலர் இருக்கிறது, டாபர்மேன் இருக்கிறது. குற்றாலத்துக்கு மேலே மலைக்காட்டில் திரியும் செந்நாய் கூட இருக்கிறது! ஆனால் கன்னி இல்லை, சிப்பிப்பாறை இல்லை, தென்காசியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக் கூடிய ராஜபாளையத்தின் நாயும் இல்லை. நம் தெரு நாய்க்கென்று ஒரு வகையும் இல்லை.

"தெரியாது" என்று சொல்லவும் இத்தகைய புரோகிராம்கள் பலவற்றுக்குக் கற்றுத் தரப்படவில்லை. தமக்குத் தெரிந்த இனங்களுக்குள் 100 சதவீதத்தைப் பங்கு போட்டே ஆக வேண்டும். எனவே அந்த 64 சதவீதம் என்பது நாயின் ரத்தத்தில் 64 பங்கு ராட்வீலர் என்று பொருள் தராது. "எனக்குத் தெரிந்த இனங்களில் இந்தப் படம் இதைப் போல இருக்கிறது" என்பதுதான் பொருள். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டுப் பூனையின் படத்தையோ உங்கள் சொந்தப் படத்தையோ ஏற்றிப் பாருங்கள். சில தளங்கள் மறுத்து விடும். மற்றவை கூசாமல் ஒரு நாய் இனத்தைச் சொல்லும்.

கம்ப்யூட்டர்தான் தவறுகிறது, மனிதர் பார்த்தால் சரியாகச் சொல்வார் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகங்களிலிருந்து தத்து எடுக்கப்பட்ட 20 கலப்பின நாய்களின் டி.என்.ஏ.வைச் சோதித்தார்கள். காப்பகத்தினர் குறிப்பிட்ட இனம் என்று சொல்லி அனுப்பிய நாய்களில், அவர்கள் சொன்ன இனம் ஒன்றாவது முக்கிய இனமாக டி.என்.ஏ.யில் வந்தது கால் பங்கில்தான். 2018இல் 900க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில் காப்பகத்தினர் கொஞ்சம் தேறினார்கள். மூன்றில் இரண்டு பங்கு நாய்களில் ஓர் இனத்தையாவது சரியாகச் சொன்னார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது பத்தில் ஒரு பங்கில்தான்.

அப்படியானால் போட்டோவால் ஒன்றுமே தெரியாதா? கொஞ்சம் தெரியும். நிறத்தையும் முகத்தையும் விட்டுவிட்டு உடம்பின் அளவைப் பார்க்க வேண்டும்; நாய் வளர்ந்திருக்கவும் வேண்டும். குட்டிக்கு ஒன்பது மாதம் ஆகட்டும் என்று நண்பரிடம் சொன்னேன். அது வரை வீட்டுக்காரரிடம் தவணை வாங்கியது அவருடைய திறமை.

ஒன்பதாம் மாதம் அவர் எடுத்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பார்க்கலாம். நாயைச் சிமென்ட் தரையில் பக்கவாட்டில் நிற்க வைத்து, அதன் முன்னங்காலை ஒட்டி ஓர் அடி ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொன்னார். கேமராவை நாயின் தோள் உயரத்திற்குத் தாழ்த்தி, 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து எடுத்தார். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால் குறுகி, எந்த நாயும் கட்டை நாயாகத் தெரியும். பிறகு படத்தைப் பெயிண்ட் புரோகிராமில் திறந்தோம். அதில் மவுஸை எங்கே வைத்தாலும், கீழே உள்ள பட்டையில் அந்த இடத்தின் பிக்ஸல் எண்கள் தெரியும்.

தோள் உச்சி மேலிருந்து 210ஆவது பிக்ஸலில், பாதம் 910இல். உயரம் 700 பிக்ஸல். ஸ்கேலின் 30 செ.மீ. 420 பிக்ஸலாக இருந்தது. எனவே நாயின் உயரம் 50 செ.மீ. மார்பின் முன்புறத்திலிருந்து பின்தொடை முடிவு வரை நீளம் 690 பிக்ஸல், கிட்டத்தட்ட சதுரம். மார்பின் அடிப்பாகம் 518இல் இருந்தது. அதாவது மார்பின் ஆழம் 308 பிக்ஸல், உயரத்தில் 44 சதவீதம்.

ராட்வீலரின் இன அளவுகோல் என்ன சொல்கிறது? ஆண் நாய் 61 முதல் 68 செ.மீ. உயரம். உயரம் 9 என்றால் நீளம் 10. மார்பின் ஆழம் உயரத்தில் பாதி. நம் ஆள் எந்த அளவிலும் அந்தப் பக்கம் சாயவில்லை. கன்னி என்று சொல்லவும் இடமில்லை; அதற்கு வேட்டை நாய்க்குரிய ஆழ்ந்த மார்பும், ஒட்டி மேலேறிய வயிறும், நீண்டு ஒடுங்கிய தலையும் வேண்டும். இது நடுத்தர உயரம், சதுர உடல், மெலிந்த கால். நம் தெருவில் தினமும் பார்க்கும் கட்டமைப்புதான்.

இதனால் பத்துத் தலைமுறைக்கு முன் ஒரு வெளிநாட்டு நாய் கலக்கவே இல்லை என்று நிரூபித்து விட்டோமா? இல்லை. உடம்பின் அளவும் ஒரு தடயம்தான். அதற்கு டி.என்.ஏ. சோதனை வேண்டும். அதிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலில் நம் நாட்டு இனங்கள் இல்லாவிட்டால், போட்டோ புரோகிராமுக்கு வந்த அதே சங்கடம்தான் வரும். வீட்டுக்காரருக்கு உண்மையில் வேண்டியது நாய் கடிக்குமா என்பதற்கு விடை. 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, நாய்க்கு நாய் குணத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்திற்கு மட்டுமே இனம் காரணம் காட்டுகிறது. எனவே அவர் நாயைத்தான் கவனிக்க வேண்டும், இனத்தின் பெயரை அல்ல.

தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் "ராட்வீலர் கிராஸ்" என்று எழுதச் சொல்லிப் பையன் அடம் பிடித்திருக்கிறான். எழுதிவிட்டால் அது அட்டை உள்ள வரை அந்த நாயோடு போகும். "நாட்டு நாய், கலப்பு, கருப்பு-பழுப்பு, ஆண், உயரம் 50 செ.மீ." என்று எழுதச் சொன்னேன். பக்கவாட்டுப் படத்தின் பிரிண்ட் ஒன்றையும் அட்டையோடு பின் செய்து, வீட்டுக்காரரிடம் நண்பர் காட்டியிருக்கிறார். "அப்ப இது நம்ம ஊர் நாய்தானா?" என்று கேட்டுவிட்டு, அவர் மாடிக்குப் போய்விட்டாராம்.